இரண்டு மாதத்தில் நாலு சென்டிமீட்டர் குள்ளமான பையன்

ஒரு வாசகி இரண்டு புகைப்படங்களை அனுப்பியிருந்தார். இரண்டிலும் அவருடைய மகன் அதே கதவு நிலைக்குப் பக்கத்தில் நிற்கிறான். நிலைக்காலில் தரையிலிருந்து மேல்நோக்கி டேப் ஒட்டியிருக்கிறார்கள், படத்தில் தேதியும் இருக்கிறது. ஜனவரியில், இருபது மாதக் குழந்தையாக, அவன் உச்சந்தலை 83 செ.மீ. கோட்டுக்கு நேராகத் தெரிகிறது. மார்ச்சில் 79. "டேப் நழுவிவிட்டதா, இவன் சுருங்கிவிட்டானா?" என்பது அவர் கேள்வி.

இரண்டுமில்லை. முதல் பிறந்தநாளுக்கும் இரண்டாவதற்கும் இடையில் குழந்தை சுமார் 12 செ.மீ. வளரும், அதாவது மாதத்துக்கு ஒன்று. இவனும் ஒழுங்காக இரண்டு செ.மீ. வளர்ந்திருக்கிறான். தவறு கேமரா இருந்த உயரத்தில்.

பள்ளி ஆய்வகத்தில் அளவுகோலைச் சாய்வாகப் பார்த்தால் ஆசிரியர் திட்டுவாரே, அந்த இடமாறு தோற்றப்பிழைதான் இது. பையன் நிலையோடு ஒட்டி நிற்கவில்லை, அதற்கு 20 செ.மீ. முன்னால் நிற்கிறான். படம் எடுத்தவர் நிலையிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி இருந்தார். கேமராவிலிருந்து உச்சந்தலையைத் தொட்டுச் செல்லும் பார்வைக்கோடு அங்கேயே நிற்காது. மேலிருந்து பார்த்தால் அது இன்னும் கீழே இறங்கித்தான் டேப்பில் முட்டும். இந்த அளவுகளுக்கு, கேமராவுக்கும் தலைக்கும் உள்ள உயர வித்தியாசத்தில் ஒன்பதில் ஒரு பங்கு பிழையாகிவிடும்.

ஜனவரியில் அம்மா மண்டியிட்டு எடுத்திருக்கிறார், போன் 93 செ.மீ. உயரத்தில். பையனின் உண்மையான உயரம் 84. வித்தியாசம் 9, பிழை 1, டேப்பில் 83. மார்ச்சில் அப்பா நின்றபடி எடுத்தார், போன் 149-ல். பையன் 86. வித்தியாசம் 63, பிழை 7, டேப்பில் 79. தரையில் உட்கார்ந்து எடுத்திருந்தால் பையன் திடீரென்று நெட்டையாகியிருப்பான்.

"நான் எங்கே நின்றேன் என்று யாருக்கு நினைவிருக்கிறது?" என்பீர்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இங்கேதான் இருக்கிறது: கேமராவின் உயரம் படத்துக்குள்ளேயே பதிவாகியிருக்கிறது. தரையில் டைல்ஸ் இருந்தால், நம்மைவிட்டு விலகி ஓடும் கோடுகளைப் படத்தில் நீட்டிக்கொண்டே போங்கள். தண்டவாளங்கள் தூரத்தில் கூடுவதுபோல அவை ஒரு புள்ளியில் கூடும். அதன் வழியே படுக்கைவாட்டில் ஒரு கோடு போட்டால் அதுதான் அடிவானக் கோடு. கடற்கரைக்குப் போகாமலே வீட்டுக்குள் ஒரு அடிவானம்! சமதளத் தரையில் நிற்கும் எந்தப் பொருளையும், பக்கத்தில் இருந்தாலும் தள்ளி இருந்தாலும், அந்தக் கோடு கேமராவின் உயரத்தில்தான் வெட்டும். எனவே அது நிலைக்காலை வெட்டும் இடத்தை இன்று போய் அளந்தாலும் அன்றைய கேமரா உயரம் கிடைத்துவிடும்.

அதே கோடு பையன் தலைக்கு மேலேயும் போகிறது. மார்ச் படத்தில் அவன் குதிகாலிலிருந்து உச்சந்தலைவரை 956 பிக்சல். குதிகாலிலிருந்து அடிவானக் கோடுவரை 1656 பிக்சல், அதன் உண்மையான உயரம் 149 செ.மீ. 956-ஐ 1656-ஆல் வகுத்து 149-ஆல் பெருக்கினால் 86. நிலைக்கும் பையனுக்கும் எவ்வளவு இடைவெளி, போன் எவ்வளவு தூரம் என்பதெல்லாம் தேவையே படவில்லை. முதல் தடவை இதைப் போட்டுப் பார்த்தபோது எங்கோ ஏமாற்றுகிறேன் என்றுதான் எனக்குத் தோன்றியது.

போனைச் சாய்த்துப் பிடித்திருந்தால் இந்த எளிய வகுத்தல் செல்லாது. படத்தில் இரண்டு நிலைக்கால்களும் ஒன்றையொன்று நோக்கிச் சரிந்தால் சாய்வு இருக்கிறது என்று அர்த்தம். பாதம் வெட்டுப்பட்ட படமும் உதவாது. பையன் தலையை ஐந்து செ.மீ. முன்னால் நீட்டிக்கொண்டு நின்றால், அப்பா எடுத்த கோணத்தில் அதுவே ஒன்றரை செ.மீ.க்கு மேல் குறைத்துக் காட்டிவிடும். இதில் எக்கி நிற்பதையும் தலைமுடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய படத்திலிருந்து ஒரு செ.மீ. துல்லியம் கிடைத்தாலே அதிர்ஷ்டம், அதாவது ஒரு மாத வளர்ச்சி அளவுக்குச் சந்தேகம் இருந்துகொண்டே இருக்கும்.

ஆகவே மாதாமாதம் ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம். 18-ஆம் நூற்றாண்டு பிரான்சில் மோன்பெயார் என்ற பிரபு தன் மகனை 1759 முதல் 1777 வரை, ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்தார். வளர்ச்சி பற்றிய பாடநூல்கள் இன்றும் அந்த வளைகோட்டை அச்சிடுகின்றன. பதினெட்டு வருடம் ஒரே பையனை அளக்கப்போகிறேன் என்று இன்று விண்ணப்பித்தால், மூன்று வருடத்தில் முடிவு கேட்கும் நிதிக்குழு எதுவும் பணம் தராது என்பது என் எண்ணம்.

வாசகிக்கு எழுதிய பதிலில் கடைசியாக ஒன்று சொன்னேன்: அடுத்த முறை குதிகாலும் முதுகும் நிலையைத் தொடட்டும், போன் பையனின் உச்சந்தலை உயரத்தில் இருக்கட்டும். அந்த உயரத்தில் வித்தியாசமே பூஜ்யம், பூஜ்யத்தில் ஒன்பதில் ஒரு பங்கும் பூஜ்யம்தான். அப்பா முட்டி போட வேண்டியிருக்கும்.