இரண்டு குழு இருக்கிறது, எந்தச் சோதனை போடலாம்?

உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகைத் தோட்டங்களில் ஆய்வு செய்யும் மாணவர் ஒருவர் இப்படிக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "தொழுவுரம் ஒரு குழு, மண்புழு உரம் ஒரு குழு. எந்தப் புள்ளியியல் சோதனை போட வேண்டும்?" இதைக் கேட்டவுடனே பலர் "டி-சோதனை" என்று சொல்லிவிடுவார்கள். எத்தனை தோட்டம், எதை அளந்தார்கள், எதை நிரூபிக்கப் பார்க்கிறார்கள் என்று கேள்வியில் எதுவுமே இல்லை. இந்த நிலையில் ஒரு சோதனையின் பெயரைச் சொல்வது ஏன் ஆபத்து என்பதை ஒரே கணக்கில் பார்த்துவிடலாம். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.

குழுவுக்கு ஆறு எண்கள். ஒவ்வொன்றும் காலையில் பறித்த மொட்டின் எடை, கிலோவில். தொழுவுரம் போட்ட பாத்திகளில் 3.0, 4.2, 5.1, 2.4, 6.0, 3.9. மண்புழு உரம் போட்டவற்றில் 3.4, 4.5, 5.6, 2.6, 6.6, 4.3. சராசரி 4.1, 4.5. வித்தியாசம் 0.4 கிலோ.

இவை தனித்தனியான பன்னிரண்டு தோட்டங்கள் என்று எடுத்துக்கொண்டு சாதாரண டி-சோதனை போட்டால் டி-மதிப்பு 0.5 வருகிறது, உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இவ்வளவோ இதற்கு மேலோ வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பான பி-மதிப்பு 0.6-ஐத் தாண்டுகிறது. வித்தியாசம் இருப்பதாகச் சொல்ல ஆதாரமே இல்லை. ஆனால் ஒவ்வொரு தோட்டத்தையும் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தொழுவுரமும் மறுபாதிக்கு மண்புழு உரமும் போட்டிருந்தால் எண்கள் ஜோடி ஜோடியாக வந்தவை. அப்போது பார்க்க வேண்டியது ஜோடிகளுக்குள் இருக்கும் வித்தியாசத்தை மட்டும்தான்: 0.4, 0.3, 0.5, 0.2, 0.6, 0.4. ஆறும் ஒரே திசையில், நெருக்கமாக இருக்கின்றன. இணை டி-சோதனையில் டி-மதிப்பு 6.9, பி-மதிப்பு 0.001-க்கும் கீழே. எண் ஒன்றுகூட மாறவில்லை. தோட்டத்துக்குத் தோட்டம் மண்ணும் தண்ணீரும் வேறுபடுவதால் வந்த ஏற்ற இறக்கம் மட்டும் கழிந்துபோனது. எண்கள் ஜோடியா இல்லையா என்பதை வெறும் பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியாது. களத்தில் என்ன நடந்தது என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்து, எதை அளந்தார்கள்? எடை என்றால் மேலே சொன்னது சரி. செடிகளில் எத்தனைக்கு மொட்டுப்புழு தாக்கியது என்று ஆம்/இல்லை எண்ணியிருந்தால் சராசரிக்கே வேலை இல்லை. விகிதங்களை ஒப்பிடும் சோதனைகள் வேண்டும். பூவின் தரத்தை ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிட்டிருந்தால், எண்களின் அளவை விட்டு அவற்றின் வரிசையை மட்டும் ஒப்பிடும் தரவரிசைச் சோதனைகள் பொருந்தும்.

தரவரிசைச் சோதனை என்றதும் "மாதிரி சின்னதாக இருந்தால் மான்-விட்னி போடு" என்ற அறிவுரை நினைவுக்கு வரும். அதைப் பரவலாகச் சொல்கிறார்கள், ஆனால் மாதிரி மிகச் சிறியதானால் அது உதவாது. குழுவுக்கு மூன்று தோட்டம் மட்டும் என்றால் ஆறு எண்களை இரண்டு குழுவாகப் பிரிக்க மொத்தம் 20 வழிகள்தான். மண்புழு உரம் மூன்றும் மேலே, தொழுவுரம் மூன்றும் கீழே என்று முழுதாகப் பிரிந்தாலும் இருபக்கச் சோதனையில் கிடைக்கக்கூடிய மிகச் சிறிய பி-மதிப்பு 2/20, அதாவது 0.1. வித்தியாசம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்தச் சோதனை வழக்கமாக ஆதாரமாக ஏற்கப்படும் 0.05-ஐத் தொடவே முடியாது. நான்கு நான்காக்கினால் 70 வழிகள்; எல்லை 0.03 அளவுக்கு இறங்கும். எண்ணிக்கை தெரியாமல் இந்தச் சோதனையைப் பரிந்துரைத்தால், முடிவு முன்பே தீர்மானமான ஒரு வேலைக்கு மாணவரை அனுப்புகிறோம். ஒரே தோட்டத்தில் முப்பது செடி அளந்துவிட்டு முப்பது மாதிரி என்று சொல்பவர்களும் உண்டு. உரத்தைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிப் போட்டிருந்தால், மாதிரி எண்ணிக்கை என்பது தோட்டங்களின் எண்ணிக்கைதான். எனவே எத்தனை என்று கேட்கும்போதே எதன் எண்ணிக்கை என்றும் கேட்க வேண்டும்.

மூன்றாவதாக, எதை நிரூபிக்கப் பார்க்கிறார்கள் என்ற கருதுகோள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் இதைத்தான் யாரும் கேட்பதில்லை. மண்புழு உரத்துக்குக் கூடுதல் காசு செலவாகிறது. விவசாயிக்கு அந்தச் செலவு கட்டுபடியாக ஒவ்வொரு பறிப்பிலும் குறைந்தது 0.3 கிலோ கூடுதலாக வர வேண்டும் என்று வைப்போம். அப்போது "வித்தியாசம் பூஜ்யமா?" என்பது அவருடைய கேள்வியே இல்லை, "0.3-க்கு மேலா?" என்பதுதான் கேள்வி. அதே ஜோடிகளை வைத்து, 0.4-இலிருந்து 0.3-ஐக் கழித்து, அந்தச் சராசரி வித்தியாசத்தின் திட்டப்பிழையான 0.058-ஆல் வகுத்தால் டி-மதிப்பு 1.7தான். ஒருபக்கச் சோதனையில் பி-மதிப்பு ஏறக்குறைய 0.07. 95 விழுக்காடு நம்பக இடைவெளியும் அதையே காட்டுகிறது: 0.25 முதல் 0.55 வரை. கூடுதல் விளைச்சல் உண்டு என்பது உறுதி. செலவை ஈடுகட்டும் என்பது உறுதியாகவில்லை.

ஆகவே அந்த மாணவருக்கு எழுதும் பதிலில் முதலில் வர வேண்டியவை கேள்விகள்: ஒவ்வொரு எண்ணும் எந்தத் தோட்டத்திலிருந்து, எந்த உரம் எந்தப் பாதிக்கு, எதை அளந்தீர்கள், எவ்வளவு கூடினால் அது விவசாயிக்குப் பயன்? பதில் வருவதற்குள் ஏதாவது சொல்லியே ஆக வேண்டுமானால், "ஒரே தோட்டத்தின் இரு பாதிகள், எடை, ஆறு தோட்டம் என்றால் இணை டி-சோதனை, அப்படி இல்லையென்றால் இது பொருந்தாது" என்று நிபந்தனையோடு எழுதலாம்.