காபிப் பழத்தை உருவுவதா, பொறுக்குவதா? தராசைக் கேளுங்கள்

பர்மாவில் மேமியோ பக்கமும் யுவாங்கான் பக்கமும் டிசம்பர் பிறந்தால் காபிப் பறிப்பு சூடுபிடித்துவிடும். பழம் வாங்குவது, தரம் பார்ப்பது, காயவைத்து அனுப்புவது என் வேலை. இரண்டு மூன்று ஏக்கர் காபி வைத்திருக்கும் நம் ஆட்கள் பருவம்தோறும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: பழுத்ததை மட்டும் பொறுக்கிப் பறித்தால் கூலி கட்டுப்படியாகுமா?

கட்டுப்படியாகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன். யாரிடம் விற்கிறீர்கள் என்று முதலில் கேட்பேன்.

ஒரே கொப்பில் பச்சை, மஞ்சள், சிவப்பு, காய்ந்த கறுப்பு எல்லாம் ஏன் சேர்ந்து தொங்குகின்றன? வறண்ட மாதங்களில் மொட்டுகள் தூங்கிக் கிடக்கும். ஒரு மழை பெய்ததும் எட்டுப் பத்து நாளில் பூக்கும். அடுத்த மழை தள்ளிப் பெய்தால் அடுத்த பூவும் தள்ளித்தான் வரும். அராபிகா பூத்துப் பழுக்க ஏழிலிருந்து ஒன்பது மாதம் ஆகும் என்பதால், பூவில் விழுந்த இடைவெளி பழத்திலும் அப்படியே வந்து நிற்கிறது.

உருவுகிறவர் கொப்பின் அடியைப் பிடித்து நுனிவரை கையை இழுக்கிறார். பழம், காய், இலை எல்லாம் ஒரே இழுப்பில் கூடைக்கு வந்துவிடும். பொறுக்குகிறவர் பழத்தை இரண்டு விரலில் பிடித்து லேசாகத் திருகி எடுக்கிறார். காம்பு கொப்பிலேயே நிற்கும். அதே மரத்துக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை என்று மூன்று நான்கு சுற்று வரவேண்டும். உருவினால் ஓர் ஆள் ஒரு நாளில் 100 கிலோ தாண்டுவது சாதாரணம். பொறுக்கினால் 40 கிலோ நல்ல கணக்கு.

பச்சைக் காய் செய்யும் கெடுதல் உடனே தெரியாது, அதுதான் சிக்கல். பழத்தைத் தண்ணீரில் கொட்டிப் பார்த்தால் போதாதா என்று பலர் நினைக்கிறார்கள். தண்ணீரில் மிதப்பது புழு துளைத்தது, உள்ளே கொட்டை தேறாதது, மரத்திலேயே காய்ந்தது. பச்சைக் காய் கனமாக அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், நல்ல பழத்தோடு பழமாக. சாக்கில் போட்டு வைத்தால் பழுத்துவிடும் என்பதும் சரியில்லை. தோல் நிறம் மாறலாம், உள்ளே கொட்டை முற்றாது. பழத்தோடு அப்படியே காயவைக்கும்போது இரண்டாம் மூன்றாம் நாள் பந்தலில் குனிந்து பாருங்கள். பழுத்தவை கறுஞ்சிவப்பாகச் சுருங்கியிருக்கும், பச்சையில் பறித்தவை வெளிறிய பழுப்பாகத் தனியே தெரியும். அவற்றைப் பொறுக்க அதுதான் கடைசி வாய்ப்பு. நன்றாகக் காய்ந்து எல்லாம் ஒரே நிறமானபின் கண்ணுக்குப் பிடிபடாது.

அப்போதும் தப்பினவை வறுக்கும்போது மாட்டிக்கொள்ளும். முற்றாத கொட்டையில் சர்க்கரை குறைவு, அதனால் மற்றவை கருக்கும்போது இது மட்டும் வெளிறி நிற்கும். வாயில் போட்டால் பச்சை வேர்க்கடலை, வைக்கோல் மாதிரி ஒரு சுவை. ஸ்பெஷாலிட்டி காபிக்குப் பல ஆண்டுகளாக இருந்துவரும் விதிப்படி, வறுத்த 100 கிராம் மாதிரியில் இப்படி ஒரு கொட்டைகூட இருக்கக் கூடாது. அதிகம் பழுத்தது வேறு விதமாகக் கெடுக்கும். அது மரத்திலேயே புளிக்கத் தொடங்கியிருக்கும், கோப்பையில் காடி வாடை அடிக்கும்.

சரி, பணத்துக்கு வருவோம். இங்கே தோட்டத்தில் வீசைக் கணக்குத்தான் ஓடுகிறது என்றாலும் கிலோவில் போடுகிறேன். விலையும் கூலியும் கணக்கு எளிதாக இருக்க நானே வைத்தவை, சந்தை விலை அல்ல. உங்கள் எண்ணை வைத்துப் போட்டுப் பாருங்கள்.

காத்திருந்து பறித்தால் 1,000 கிலோ தரும் ஒரு தோட்டம். ஆள் கூலி நாளுக்கு 10,000 கியாட். பழுத்த பழம் கிலோ 1,000 கியாட், கலப்புப் பழம் 600 கியாட்.

பொறுக்கிப் பறித்தால் 900 கிலோ நல்ல பழம், கடைசிச் சுற்றில் 100 கிலோ கலப்பு. வரவு 9 லட்சத்து 60 ஆயிரம். நாளுக்கு 40 கிலோ என்றால் 25 ஆள், கூலி இரண்டரை லட்சம். கையில் நிற்பது 7 லட்சத்து 10 ஆயிரம்.

ஒரே தடவையில் உருவினால் எடையே குறையும், ஏனென்றால் பழம் கடைசி வாரங்களில்தான் கனக்கிறது. 900 கிலோ என்று வைப்போம். கலப்பு விலையில் 5 லட்சத்து 40 ஆயிரம். 9 ஆள் கூலி 90 ஆயிரம் போனால் மிஞ்சுவது நாலரை லட்சம்.

இதுவரை பொறுக்குவதுதான் ஜெயிக்கிறது. ஆனால் வாங்குகிறவர் சாக்கைத் திறந்துகூடப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் 1,000 கியாட் கொடுத்தால்? பொறுக்கினவருக்கு ஏழரை லட்சம் நிற்கும், உருவினவருக்கு 8 லட்சத்து 10 ஆயிரம். "பச்சைக்கும் சிவப்புக்கும் ஒரே விலைதானே அண்ணே, நான் எதுக்கு மூணு தடவை ஏறணும்?" என்று ஒரு தோட்டக்காரர் கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. உருவிப் பறிக்கிறார்கள் என்று விவசாயியைத் திட்டுகிற வியாபாரிகள் முதலில் தங்கள் விலைப் பட்டியலைப் பார்க்க வேண்டும். இந்தக் கணக்கில் கலப்புப் பழத்தின் விலை 925 கியாட்டுக்குக் கீழே இறங்கினால்தான் பொறுக்குகிறவருக்கு லாபம்.

இதில் நான் சேர்க்காத செலவு ஒன்று உண்டு. பறிப்பு பிப்ரவரி, மார்ச்சுக்கு நீளும்போது இலைக் கணுவில் அடுத்த பூவுக்கான மொட்டு வந்திருக்கும். உருவுகிற கை அதையும் கிழித்துக்கொண்டு போகும். அடுத்த வருஷம் விளைச்சல் ஏன் குறைந்தது என்று மழையைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

விலை வித்தியாசம் கிடைக்கிறது என்றால் அடுத்த முடிச்சு பறிக்கிற ஆளின் கூலி. கிலோவுக்கு இவ்வளவு என்று மொட்டையாகச் சொன்னால் கை தானாக உருவும். நாள் கூலி என்றால் கூடை நிரம்பாது. என் அனுபவத்தில் நடக்கிற வழி, கிலோக் கூலியைச் சற்று உயர்த்தி, அதைப் பழுத்த பங்கோடு கட்டிவிடுவது. கூடையை நிறுக்கும்போது நடுவிலும் அடியிலும் கைவிட்டு 100 பழம் எடுத்து எண்ணுங்கள். மேலாக எடுக்காதீர்கள், சிவப்பை மேலே பரப்பத் தெரியாதவர் யாரும் இல்லை. 95 பழுத்தது இருந்தால் முழுக் கூலி. அதற்குக் கீழே போனால் அவர்களையே பாயில் கொட்டிப் பிரிக்கச் சொல்லி, பிறகு நிறுங்கள். ஒரு வாரத்தில் கை பழகிவிடும். இந்த விதியைப் பறிப்பு தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும், கூடை வந்து நின்றபின் சொன்னால் சண்டைதான்.

உருவுவதே கூடாது என்று இல்லை. கடைசிச் சுற்றில் உருவித்தான் ஆகவேண்டும். மரத்திலும் தரையிலும் மிச்சமிருக்கும் பழத்தில்தான் காய்த்துளைப்பான் வண்டு அடுத்த பருவம்வரை குடியிருக்கும். அந்தச் சுற்றில் பச்சை, கறுப்பு, கீழே உதிர்ந்தது எல்லாவற்றையும் எடுங்கள். மொட்டு இருக்கும் கணுவில் மட்டும் கையை மெதுவாக விடுங்கள். அந்தப் பழத்தைத் தனிச் சாக்கில் கட்டி, தனியே காயவைத்து, கலப்பு என்று சொல்லியே விற்றுவிடுங்கள்.