பனிக்குள் ஆளை நிறுத்தும்போது ஒப்பாசிட்டியைத் தொடாதீர்கள்

மூணாறு பக்கம் ஸ்டுடியோ வைத்திருப்பவர்களிடம் இப்போது அதிகம் வரும் வேலை இதுதான்: தேயிலைக்காட்டில் பனி இறங்கியிருக்கும் ஒரு படம், அதற்குள் தூரத்தில் நிற்க வேண்டிய ஒருவர். அந்த ஒருவர் பெரும்பாலும் இறந்துபோன அம்மாவோ தாத்தாவோதான். செய்து கொடுக்கப்படும் படங்களில் பாதிக்கு மேல் ஒரே கோளாறு. போட்டோஷாப்பில் ஆளை வெட்டி ஒட்டிவிட்டு, லேயரின் ஒப்பாசிட்டியை ஐம்பதுக்கோ அறுபதுக்கோ குறைத்துவிடுகிறார்கள். ஆள் மங்கிவிடுகிறார், பனிக்குள் போய்விட்டார் என்று நினைக்கிறார்கள். ஆனால் அம்மாவின் நெஞ்சு வழியாகப் பின்னால் நிற்கும் மரம் தெரிகிறது. பின்புறம் வெறும் பனியாக இருக்கும் இடத்தில் மட்டும் இந்தத் தப்பு கண்ணில் படாது. அதனால்தான் இந்தப் பழக்கம் போகவே மாட்டேன் என்கிறது.

பனி ஆளைக் கண்ணாடியாக்குவதில்லை. அது இரண்டு வேலை செய்கிறது. ஆளிடமிருந்து வரும் வெளிச்சத்தில் ஒரு பங்கை வழியிலேயே சிதறடித்து விடுகிறது. அந்த இடத்தில் தன் வெண்மையைக் கொண்டுவந்து நிரப்புகிறது. அதனால் தூரம் போகப்போகக் கறுப்புதான் முதலில் சாகும். முடி, செருப்பு, சேலை மடிப்பின் நிழல் எல்லாம் சாம்பலாக ஏறிவிடும். வெள்ளை வேட்டியோ ஏறக்குறைய இருந்தபடியே இருக்கும், ஏனென்றால் அதன் வெளிச்சமும் பனியின் வெளிச்சமும் கிட்டத்தட்ட ஒன்று. மொத்தமாக மங்கலாக்குவதும் இதுவும் வேறு வேறு.

எவ்வளவு ஏற்ற வேண்டும் என்பதைக் கண்ணால் குத்துமதிப்பாகப் போட வேண்டியதில்லை. நம் ஊர்க் காட்டிலேயே அளவுகோல் நிற்கிறது. தேயிலைக்கு நிழலுக்காக வைத்த சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக, ஓரளவு சம இடைவெளியில் இருக்கும். பட்டை எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிக் கறுப்புச் சாம்பல். ஐட்ராப்பரின் Sample Size-ஐ 5 by 5 Average என்று வைத்துக்கொண்டு, Info பேனலைத் திறந்து, மரம் மரமாக அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள்.

கொழுந்து எடுத்து ஓய்வுபெற்ற ஓர் அம்மாவுக்காக அவர் மகள்கள் கொண்டுவந்த படத்தை எடுத்துக்கொள்வோம். லயத்திலிருந்து மலைக்குப் போகும் மண்பாதை, ஓரத்தில் நாலு மரம். 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை என்ற கணக்கில், பட்டையின் வெளிச்ச அளவு முதல் மரத்தில் 46, இரண்டாவதில் 144, மூன்றாவதில் 176, நான்காவதில் 191. பாதை முடிந்து ஒன்றுமே தெரியாத இடத்தில் பனியின் அளவு 212. (பனியின் நிறத்தை அங்கே தொட்டுத்தான் எடுக்க வேண்டும், படத்தின் உச்சியில் இருக்கும் வானத்தில் எடுத்தால் தப்பாகும்.) முதல் தாவல் 98, அடுத்தது 32, அதற்கடுத்தது 15. தூரம் சமமாகக் கூடினாலும் வெளுப்பு சமமாகக் கூடாது. கிட்டத்தில் ஓர் அடி தள்ளி நிறுத்தினாலும் வித்தியாசம் தெரியும், தூரத்தில் பத்தடி தள்ளினாலும் தெரியாது.

மகள்கள் முதலில் கேட்டது இரண்டாவது மரத்துக்கும் மூன்றாவதுக்கும் நடுவில். அங்கே ஒரு மரம் இருந்தால் பட்டை 162 அளவில் இருக்கும். அம்மாவின் மூலப்படத்தில் முடியின் அளவு 40. அந்த நாற்பதை 162-க்குக் கொண்டுபோக வேண்டும். ஆள் லேயருக்கு மேலே Solid Color லேயர் ஒன்றை வைத்து, பனியில் எடுத்த நிறத்தை நிரப்பி, Create Clipping Mask கொடுத்து ஆளோடு மட்டும் பூட்டுங்கள். ஒப்பாசிட்டியைக் குறைக்க வேண்டியது இந்த நிற லேயரில்தான். ஆள் லேயர் 100-லேயே இருக்கட்டும். 40-க்கும் 212-க்கும் இடைவெளி 172, நாம் ஏற வேண்டியது 122. அப்படியானால் 71 சதவீதம். முடி சரியாக வந்து உட்காரும், பின்னால் இருக்கும் மரம் உடம்பில் தெரியாது.

இதில் ஒரு சிறு பிசகு வரும். மென்பொருள் இந்தக் கலப்பைச் செய்வது திரைக்காக வளைத்து வைத்த எண்களில். உண்மையான வெளிச்சம் அப்படிக் கலப்பதில்லை. அதனால் முடியைச் சரியாகப் பொருத்திய பிறகும், முகம், கை மாதிரி நடுத்தர ஒளி உள்ள இடங்கள் எட்டுப் பத்து அளவு கூடுதலாக வெளுத்து நிற்கும், வெள்ளைச் சட்டை நாலு அளவு மங்கியிருக்கும். நிற லேயருக்கு மேலே Curves வைத்து, அதையும் ஆளோடு மட்டும் பூட்டி, நடுவைக் கொஞ்சம் இறக்கி, உச்சியைத் துளி ஏற்றினால் போதும். முடியின் அளவு மாறிவிடாமல் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்துப் பூட்டிக்கொள்ளுங்கள்.

போட்டுக் காட்டியதும் மூத்த மகள் சொன்னார்: "அண்ணா, அம்மா மாதிரிதான் இருக்கு, ஆனா முகம் தெரியலையே." தெரியாது. மூலப்படத்தில் முகத்தின் இருண்ட பக்கத்துக்கும் வெளிச்சப் பக்கத்துக்கும் 60 அளவு வித்தியாசம் இருந்தால், 71 சதவீதப் பனிக்குள் அது 17 ஆகிவிடும். கண்ணும் மூக்கும் அதில் கரைந்துவிடும். இங்கேதான் பலர் முகத்தை மட்டும் தனியாகத் துடைத்துத் தெளிவாக்கிக் கொடுக்கிறார்கள். உடனே பனிக்கு முன்னால் ஒரு தலை மிதக்கிறது. முகம் வேண்டுமென்றால் ஆளை முன்னால் கொண்டுவருவதுதான் நேர்மையான வழி. முதல் மரத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் நிறுத்தினால் 44 சதவீதம் போதும், முகத்தில் 34 அளவு வித்தியாசம் தங்கும். ஆள் அந்த அளவுக்குப் பெரிதாகவும் வேண்டும். பாதையோரத் தேயிலைச் செடி அந்த இடத்தில் அவர் இடுப்புக்கு வருகிறதா என்று பாருங்கள். இந்தக் கணக்கைப் பணம் வாங்குவதற்கு முன்னாலேயே குடும்பத்திடம் சொல்லிவிடுங்கள். மகள்கள் முன்னிடத்தையே எடுத்துக்கொண்டார்கள்.

மூலப்படம் கோயில் திருவிழாவில் உச்சி வெயிலில் எடுத்தது. பனிக்குள் வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் வரும், மூக்கின் நிழல் கன்னத்தில் விழாது. அந்த நிழல்களைப் பனி நிறம் போடுவதற்கு முன்னாலேயே தணிக்க வேண்டும். சேலையின் சிவப்புக்கு மட்டும் தனி வேலை இல்லை. நிற லேயரே அதை மங்கின ரோஜா நிறத்துக்கு இறக்கிவிடும், சாச்சுரேஷனை வேறு குறைத்தால் செத்த நிறமாகும். காலடியில் நீண்ட நிழல் கூடாது, பாதம் மண்ணில் படும் இடத்தில் சின்னக் கருமை மட்டும் வேண்டும். அந்தக் கருமையும் அதே தூரத்து மரப்பட்டையை விடக் கறுப்பாக இருக்கக் கூடாது. நான் சரிபார்க்கும்போது முதலில் பார்ப்பது செருப்பைத்தான், ஏனென்றால் அவசரத்தில் அங்கேதான் கறுப்பு தப்பி நிற்கும்.

படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் நாய்ஸும் கடைசியில் பார்க்க வேண்டியது. கேமரா போடும் நாய்ஸ் பனிக்கும் உண்டு, மரத்துக்கும் உண்டு. நாம் நிறம் பூசியதில் ஆளின் நாய்ஸ் பாதியாகிவிட்டது, மெழுகு பூசின மாதிரி வழவழவென்று தெரிவார். 100 சதவீதத்தில் வைத்து, பக்கத்துப் பனியோடு ஒப்பிட்டு, எல்லா லேயருக்கும் பிறகு கொஞ்சம் சேருங்கள். முடிந்ததும் எல்லாவற்றுக்கும் மேலே தற்காலிகமாக ஒரு செங்குத்தான Curves போட்டுக் காண்ட்ராஸ்ட்டை முரட்டுத்தனமாக ஏற்றிப் பாருங்கள். பொருந்தாத இடம் அப்போது தானாகவே வெளியே வரும்.

போடிமெட்டில் நின்று தேனிப் பக்கத்துச் சமவெளியை எடுத்த படங்களுக்கு ஒரு மாற்றம் உண்டு. மூணாற்றுப் பனி நீர்த்துளி. எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறடிக்கும், அதனால் வெள்ளை. வெயில் நாளில் கீழே தெரியும் மங்கல் நுண்துகள்களால் வருவது, நீலத்தைக் கூடுதலாகச் சிதறடிக்கும். அங்கே நிழல்கள் முதலில் நீலமாகும். பட்டையின் எண்ணை ஒரே எண்ணாக எடுக்காமல், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே குறித்துக்கொண்டு, Levels-ல் ஒவ்வொரு சேனலுக்கும் Output Levels-இன் கறுப்பை அதன் அளவுக்கு ஏற்ற வேண்டும். ஒரே நிறம் பூசினால் முடியில் போதிய நீலம் ஏறாமல் நின்றுவிடும்.