இரவெல்லாம் ஓடும் ஜெர்மன் பாடம்

தூங்கிக்கொண்டே ஜெர்மன் கற்கலாம் என்று சொல்லும் எட்டு மணி நேர ஒலிப்பதிவுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தூக்கக் கோளாறு என்று என்னிடம் வருபவர்களில் சிலர் இவற்றைக் காதில் மாட்டிக்கொண்டு படுப்பவர்கள். பெரும்பாலும் ஜெர்மனியில் வேலைக்குச் செல்ல பி1 என்ற ஜெர்மன் மொழித் தேர்வுக்குப் படிக்கும் செவிலியர்கள். பகலில் ஷிப்ட், மாலையில் வகுப்பு. மிஞ்சியிருக்கும் இரவையும் படிப்புக்குக் கொடுத்துவிடலாமே என்று நினைக்கிறார்கள். அந்த ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

அப்படி வந்த செவிலியர் ஒருவர் ஏழு மணி நேரம் படுக்கையில் இருந்தும் வகுப்பில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவதாகச் சொன்னார். குறட்டை இல்லை, இரத்தசோகை இல்லை, தைராய்டும் சரியாகவே இருந்தது. படுக்கும்போது என்ன செய்வீர்கள் என்று கேட்ட பிறகுதான் ஒலிப்பதிவு பற்றிய பேச்சே வந்தது. ஒரு பெண் குரல் ஜெர்மன் சொல்லைச் சொல்லும், உடனே அதன் பொருளைச் சொல்லும், அடுத்த சொல்லுக்குப் போகும். விடியும் வரை அப்படியே. "நிறுத்திவிடுங்கள்" என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "இல்லை டாக்டர், சில சொற்கள் காலையில் நினைவில் இருக்கின்றனவே!" என்றார்.

நியாயமான வாதம்தான். இதே வாதத்தை அமெரிக்காவில் 1950களில் ஆராய்ந்திருக்கிறார்கள். அதற்கு முன் வந்த ஆய்வுகள் பலவற்றில், படுத்திருந்தவர் உண்மையிலேயே தூங்கினாரா என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. கண் மூடியிருந்தால் தூக்கம் என்று கணக்கு வைத்துக்கொண்டார்கள். சார்லஸ் சைமன், வில்லியம் எம்மன்ஸ் என்ற இருவர் மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்து இதைச் சோதித்தார்கள். இரவு முழுவதும் இடைவெளி விட்டுக் கேள்வியும் பதிலுமாக ஒலிக்கச் செய்து, ஒவ்வொன்றும் ஒலித்த நேரத்தில் மூளை எந்த நிலையில் இருந்தது என்று குறித்துக்கொண்டார்கள். காலையில் நினைவில் இருந்தவை ஆல்ஃபா அலைகள் தெரிந்த நேரத்தில், அதாவது விழிப்பிலோ அரைத் தூக்கத்திலோ கேட்டவை. தூக்கம் ஆழமாக ஆக நினைவு தேய்ந்தது. நல்ல தூக்கத்தில் ஒலித்தவற்றில் எதுவும் மிஞ்சவில்லை.

ஆகவே காலையில் ஒரு சொல் நினைவில் இருக்கிறது என்றால், அது ஒலித்தபோது அவர் பெரும்பாலும் விழித்திருந்தார் என்றே பொருள். இரவில் நமக்குப் பல சிறு விழிப்புகள் வந்துபோகின்றன. சில நொடிகளே நீடிக்கும் விழிப்பு காலையில் ஞாபகத்துக்கு வராது. ஆனால் குரல் ஒன்று பக்கத்தில் பேசிக்கொண்டே இருந்தால், அந்தச் சில நொடி அரை நிமிடமாக நீள்வதற்கு வாய்ப்பு அதிகம். அந்தச் செவிலியர் தூங்கும்போது மூளை அலைகளைப் பதிவுசெய்ததில் இதைத்தான் பார்த்தோம். ஒலிப்பதிவை ஓடவிட்ட இரவில், குரல் எழும் இடங்களை ஒட்டி ஆல்ஃபா அலைகள் வெடித்து வெடித்துத் தெரிந்தன. ஆழ்ந்த தூக்கம் துண்டுதுண்டாகக் கிடந்தது. ஒலியில்லாத இரவில் அந்த வெடிப்புகள் வெகுவாகக் குறைந்திருந்தன. ஒருவருடைய இரண்டு இரவுகளை வைத்துப் பொதுவிதி எழுத முடியாது. ஆனால் அவருடைய பகல் தூக்கத்துக்குக் காரணம் தெரிய அது போதுமானதாக இருந்தது.

அப்படியானால் தூக்கத்தில் சொல்லைக் கேட்பதால் பயனே இல்லையா? இருக்கிறது, விளம்பரங்கள் சொல்லாத ஒரு விதத்தில். சுவிட்சர்லாந்தில் தாமஸ் ஷ்ரைனரும் பியோர்ன் ராஷும் செய்து 2015-இல் வெளியான ஆய்வு இது. ஜெர்மன் பேசுபவர்கள் இரவு படுக்குமுன் டச்சுச் சொற்களைப் பொருளோடு படித்தார்கள். பிறகு தூங்கினார்கள். கனவுத் தூக்கமல்லாத நிலையில், அன்று படித்த டச்சுச் சொற்களில் சிலவற்றை மட்டும் மெதுவான ஒலியில் கேட்கவைத்தார்கள். எழுப்பிச் சோதித்தபோது, தூக்கத்தில் ஒலித்த சொற்களின் பொருள் மற்றவற்றைவிடக் கூடுதலாக நினைவில் இருந்தது. அன்று கற்றதை மூளை ஆழ்ந்த தூக்கத்தில் தானாகவே மறுபடி ஓட்டிப் பார்க்கிறது. வெளியிலிருந்து வரும் சொல், எதை ஓட்டுவது என்று தூண்டிவிடுகிறது. புதிதாக எதுவும் உள்ளே போகவில்லை. விழித்திருந்து படிக்காத சொல்லுக்கு இங்கே வேலையே இல்லை.

அதே குழு அடுத்துச் செய்ததுதான் இந்த ஒலிப்பதிவுகளுக்கு நேரடிப் பதில். தூக்கத்தில் டச்சுச் சொல்லை மட்டும் ஒலிக்காமல், அதைத் தொடர்ந்து உடனே சரியான பொருளையும் ஒலித்துப் பார்த்தார்கள். கூடுதல் பயன் வரும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். மாறாக, இருந்த பயனும் போய்விட்டது. தவறான பொருளைச் சொன்னாலும் அதே கதி; வெறும் ஒரு ஒலியை எழுப்பினாலும் அதே கதி. முதல் சொல் மூளையில் எதையோ எழுப்பும் அந்தக் கணத்தில் இரண்டாவது ஒலி குறுக்கே வந்து அதைக் கலைத்துவிடுகிறது. இப்போது இணையத்தில் கிடைக்கும் பதிவை நினைத்துப் பாருங்கள்: "லோஃபல், கரண்டி." சொல், உடனே பொருள். அதுவும் ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம், விழிப்பு என்ற பேதமில்லாமல் எட்டு மணி நேரம். ஆய்வகத்தில் பயன் தந்த நிபந்தனைகள் எவையெவையோ அவற்றையெல்லாம் தேடிப்பிடித்து மீறியது போல இருக்கிறது.

2019-இல் பெர்ன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஓர் ஆய்வை எனக்கு எதிராகக் காட்டுபவர்கள் உண்டு. பகல் தூக்கத்தில் இருந்தவர்களுக்கு, இல்லாத ஒரு சொல்லையும் தெரிந்த ஒரு சொல்லையும் சேர்த்து ஒலித்தார்கள். 'டோஃபர்' என்றால் வீடு என்பது போல. விழித்த பிறகு, இந்த 'டோஃபர்' ஒரு ஷூ பெட்டியைவிடப் பெரியதா சிறியதா என்று கேட்டார்கள். ஜோடியின் இரண்டாவது சொல், ஆழ்ந்த தூக்கத்தில் மூளையில் எழும் மெதுவான அலையின் உச்சத்தில் வந்து விழுந்திருந்தால், குருட்டு ஊகத்தைவிடச் சற்றே அதிகமாகச் சரியான விடை வந்தது. அருமையான ஆய்வு, தூங்கும் மூளையிலும் ஏதோ தடம் பதிகிறது என்று காட்டுகிறது. ஆனால் 'டோஃபர்' என்றால் வீடு என்று கற்றதாக அவர்களுக்குத் தெரியாது. அலையின் உச்சம் நொடிப்பொழுதுக்குள் கடந்துவிடும். பி1 தேர்வின் பேச்சுப் பகுதியில் ஊகத்தைவிடச் சற்று மேலான ஓர் உள்ளுணர்வை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வீட்டில் செய்துபார்த்த சோதனையும் ஒன்று உண்டு. ராஷும் மொரிஸ் கோல்டியும் பங்கேற்பாளர்களை அவரவர் படுக்கையிலேயே, முன்பே படித்த சொற்களை இரவில் கேட்கவைத்தார்கள். மொத்தத்தில் பயன் தெரியவில்லை. ஒலியால் தூக்கம் கலைந்ததாகச் சொன்னவர்களுக்கு, ஒலித்த சொற்களின் நினைவு குறைந்தே போயிருந்தது. பக்கத்தில் அலையைப் பார்த்துக்கொண்டு ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஆள் இல்லாதபோது நடப்பது இதுதான்.

அந்தச் செவிலியருக்கு நான் சொன்னது, ஒலிப்பதிவைத் தூக்கி எறிய வேண்டாம், இடத்தை மாற்றுங்கள் என்பதுதான். படுக்கப்போகும் முன் அரைமணி நேரம், விளக்கு எரியும்போதே, அதே பதிவைக் கேட்கலாம். ஜெர்மன் சொல் வந்ததும் நிறுத்தி, பொருளைத் தானே சொல்லிப் பார்த்த பிறகு மேலே ஓட்டலாம். சொல்லத் தவறியவற்றை மட்டும் ஒரு தாளில் எழுதி மறுநாள் காலை பார்க்கலாம். அதன் பின் இயர்போனைக் கழற்றிவிட வேண்டும். இரவு ஷிப்ட் முடிந்து பகலில் தூங்கும் நாட்களுக்கும் இதே முறைதான். ஆழ்ந்த தூக்கம் படுத்த முதல் சில மணி நேரத்தில்தான் அதிகம். அந்த நேரத்தைக் கலைக்காமல் விடுவதே அன்று படித்ததைக் காப்பாற்றும்.

சில வாரங்களில் வகுப்பில் தூங்குவது நின்றதாகச் சொன்னார். விடுதி அறையின் சத்தத்தை மறைக்கவாவது ஏதாவது ஓடவேண்டுமே என்று கேட்டார். மின்விசிறியை வேகமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன்.