நிலையான ஷிப்ட் கேட்டுக் கடிதம்: பிரிட்டனில் வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டியவை

ஒரு வாரம் பகல், மறு வாரம் இரவு என்று ரோட்டா போட்டால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? மேனேஜரிடம் சொன்னால் "பார்க்கலாம்" என்பார். வாய்வார்த்தைக்குக் கெடு கிடையாது, அதனால் பார்த்துக்கொண்டே இருப்பார்.

இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்தில் 2024 ஏப்ரல் 6 முதல், வேலையில் சேர்ந்த முதல் நாளிலேயே ஷிப்டை மாற்றிக் கேட்கலாம். ஆனால் நீங்கள் அந்த நிறுவனத்தின் ஊழியராக இருக்க வேண்டும். ஏஜென்சி மூலம் போகிறவர்களில் பெரும்பாலோருக்கு இது பொருந்தாது. சம்பளச் சீட்டில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

கடிதத்தில் தேதி, என்ன மாற்றம், எந்த நாளிலிருந்து, முன்பு இப்படிக் கேட்டதுண்டா (கேட்டிருந்தால் எப்போது) என்பவை இருக்க வேண்டும். இது 1996 வேலை உரிமைச் சட்டத்தின் 80எஃப் பிரிவுக்கான விண்ணப்பம் என்ற வரியும் வேண்டும். இந்த வரி இல்லாவிட்டால் கடிதம் சாதாரண வேண்டுகோளாகிக் கிடப்பில் போகலாம். 12 மாதத்தில் இரண்டு முறைதான் கேட்க முடியும், வீணாக்காதீர்கள்.

கேர் ஹோமில் வாரம் மூன்று 12 மணி நேர ஷிப்ட் செய்பவர் இப்படி எழுதலாம்: "என் வாராந்திர 36 மணி நேரம் மாறாது. மூன்று ஷிப்டும் காலை 8 முதல் இரவு 8 வரை, ஜூன் 1 முதல் வேண்டும்." மணி நேரம் மாறாது என்ற வார்த்தையை விட்டுவிடாதீர்கள். ஸ்பான்சர் விசாவில் இருப்பவருக்கு மணி குறைந்தால் சம்பளம் விசாவுக்கான வரம்புக்குக் கீழே போய்விடலாம். இரவுக்கான கூடுதல் படி இருந்தால் அது போகும், அதையும் முன்பே கணக்குப் பாருங்கள். ஒப்புக்கொண்டால் மாற்றம் பொதுவாக நிரந்தரம்.

மேனேஜர் மறுக்க எட்டுக் காரணங்கள்தான் சட்டத்தில் உண்டு. "உனக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள்" அதில் இல்லை. ஆனால் "இருக்கிற ஆட்களை வைத்து வேலையை மாற்றிப் பிரிக்க முடியவில்லை" என்பது இருக்கிறது, அதைக் கையில் எடுக்கலாம். இரவு ஷிப்டை விரும்பும் சக ஊழியர் இருந்தால், அவரிடம் கேட்டுவிட்டுக் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள்.

மறுக்கும் முன் உங்களோடு பேசியாக வேண்டும். மேல்முறையீடு இருந்தால் அதையும் சேர்த்து இரண்டு மாதத்துக்குள் முடிவு வர வேண்டும். "சும்மா கொஞ்ச நாள் செய்து பார்" என்பார்கள். சரி, செய்யலாம், ஆனால் எத்தனை வாரம், முடிவுத் தேதி எது என்று மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள்.

அப்புறம், இரவு வேலைக்காரருக்கு இலவச உடல்நலப் பரிசோதனை தர வேண்டியது முதலாளி பொறுப்பு. இரவு வேலையோடு தொடர்புடைய உடல்நலக் குறைவு இருக்கிறது என்று டாக்டர் சான்று கொடுத்தால், முடிந்தவரை பகலுக்கு மாற்ற வேண்டும் என்று 1998 வேலைநேர விதிகள் சொல்கின்றன. கடிதம் தள்ளுபடியானாலும் இந்த வழி திறந்தே இருக்கும்.