பழைய தண்டனை சாட்சியம் ஆகாது: ஒரு திருட்டு வழக்கிலிருந்து

குற்றவியல் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கிய புதிதில், விசாரணை அதிகாரியைக் குறுக்கு விசாரணை செய்யும்போது ஒரு கேள்வி கேட்டேன். "முதல் தகவல் அறிக்கையில் யார் பெயரும் இல்லை. எதை வைத்து என் கட்சிக்காரரைச் சந்தேகப்பட்டீர்கள்?" அவர் நிதானமாகப் பதில் சொன்னார்: "அவர் மேல ஏற்கெனவே ரெண்டு திருட்டுக் கேஸ்ல தண்டனை இருக்குங்க." தட்டச்சர் அதை அப்படியே அடித்தார். அரசுத் தரப்பு சொல்லக் கூடாத ஒன்றை நானே கேட்டு வாங்கிப் பதிவில் ஏற்றிவிட்டேன். ஆட்சேபணை சொல்ல எழுந்தபோது, நீங்கள் கேட்டதற்குத்தானே பதில் சொல்கிறார் என்றார் நடுவர். அவர் சொன்னதில் தவறில்லை.

பல ஆண்டுகள் கழித்து, 2019இல், அதே மாதிரி இன்னொரு வழக்கு வந்தது. திருமணத்துக்குப் போன குடும்பத்தின் பூட்டிய வீட்டில் இரவில் திருட்டு. ஆறரை பவுன் நகை போனது. பத்தொன்பது நாள் கழித்து, விடிகாலை வாகனச் சோதனையில் போலீசைக் கண்டு ஓட முயன்றதாகக் கொத்தனார் உதவியாளர் ஒருவர் கைது செய்யப்பட்டார். ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்தார் என்றும், அவர் காட்டிய இடத்தில் இரண்டரை பவுன் சங்கிலி கிடைத்தது என்றும் வழக்கு. அவருக்கு 2011லும் 2014லும் திருட்டுக்காகத் தண்டனை ஆகியிருந்தது. இரண்டையும் அனுபவித்து முடித்திருந்தார்.

அந்த இரண்டு தண்டனைகளைக் கேட்டதும் பெரும்பாலானவர்கள் மனத்தில் வழக்கு முடிந்துவிடும். "பழைய ஆளுதானே, வேற யாரு செஞ்சிருப்பாங்க?" சட்டம் தடுக்க நினைப்பது இந்த ஒரு எண்ணத்தைத்தான். முன்பு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 54ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியத்தின் 49ஆவது பிரிவு. இரண்டும் சொல்வது ஒன்றே: குற்ற வழக்கில், எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், கெட்ட நடத்தை பொருத்தமான சாட்சியம் அல்ல. அவரே தனக்கு நல்ல நடத்தை உண்டென்று சாட்சியம் கொண்டுவந்தால் மட்டும், அதற்குப் பதிலாக அரசுத் தரப்பு இதைக் கொண்டுவரலாம். அந்தப் பிரிவின் விளக்கத்தில் "முந்தைய தண்டனை கெட்ட நடத்தைக்குச் சாட்சியமாகும்" என்று ஒரு வரி உண்டு. இதைத் தனியாகப் பிடித்துக்கொண்டு வாதாடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கெட்ட நடத்தை பற்றிப் பேச முதலில் வழி திறந்திருந்தால்தான் அந்த வரிக்கு வேலை.

ஏன் இப்படி? பழைய தண்டனைக்கும் புதிய குற்றத்துக்கும் தொடர்பே இருக்க முடியாது என்று சட்டம் சொல்லவில்லை. ஒருமுறை திருடியவர் மறுபடி திருடக்கூடும் என்பது யாருக்கும் தெரிந்ததுதான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. என் கட்சிக்காரர் எப்படி அந்த நிலையத்துக்குப் போனார் என்று யோசித்துப் பாருங்கள். பூட்டை உடைத்த திருட்டு என்றதும் போலீஸ் முதலில் புரட்டுவது பழங்குற்றவாளிகளின் பதிவேட்டை. அந்த ஊர்ப் பக்கத்தில் அப்படி 40 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 40 பேரையும் அழைத்து விசாரிக்கலாம். புலன் விசாரணையில் அதில் தவறில்லை. ஆனால் 40 பேருக்குமே பழைய தண்டனை உண்டு. அவர்களில் இவர்தான் அன்று இரவு அந்த வீட்டுக்குள் போனார் என்று காட்ட வேண்டுமானால், மற்ற 39 பேரிடம் இல்லாத ஒன்று இவரிடம் இருக்க வேண்டும். ஒரு விரல்ரேகை, பார்த்த சாட்சி, திருட்டுப் பொருள். பழைய தண்டனை அவரை நிலையத்துக்குள் கொண்டுவந்துவிட்டது, அதன் வேலை அங்கே முடிந்தது. நீதிமன்றத்தில் அதையே மறுபடி நீட்டினால் ஒரே செய்தியை இரண்டு தடவை எண்ணுகிறோம்.

இன்னொன்றும் உண்டு. இதைச் செய்யாவிட்டாலும் வேறு எதையாவது செய்திருப்பான், உள்ளே போனால் ஊருக்கு நல்லது என்று நினைக்கும் மனம், சாட்சியத்தில் உள்ள ஓட்டைகளைக் கவனிப்பதில்லை. 2014இல் கிடைத்த தண்டனையை அனுபவித்து முடித்தவர் அதற்காகவே இரண்டாவது முறை தண்டிக்கப்படுவார்.

நம் ஊரில் ஜூரி கிடையாது. ஜூரி இருக்கும் நாடுகளில் பழைய தண்டனையை அவர்கள் காதில் விழாமல் நீதிபதி தடுத்துவிட முடியும். இங்கே நடுவரே சட்டத்தையும் தீர்மானிக்கிறார், நடந்தது என்ன என்பதையும் தீர்மானிக்கிறார். என் கட்சிக்காரரின் ஜாமீன் மனுவுக்குப் போலீஸ் தாக்கல் செய்த ஆட்சேபணையில் இரண்டு பழைய வழக்குகளும் எழுதியிருந்தன. ஜாமீன் கட்டத்தில் அதைப் பார்ப்பது முறையானதே. ஆனால் ஜாமீன் மனுவை விசாரித்த அதே நடுவர்தான் பிறகு சாட்சிகளையும் விசாரித்தார். படித்ததை மறந்துவிடுங்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே இங்கே கிடைக்கும் பாதுகாப்பு பதிவில்தான் இருக்கிறது: விசாரணைப் பதிவுக்குள் அது வரக் கூடாது, தீர்ப்பின் காரணங்களில் அது இருக்கக் கூடாது. மேல்முறையீட்டில் அதைச் சரிபார்க்க முடியும்.

அந்த வழக்கில் அது மூன்று வழிகளில் உள்ளே வரப் பார்த்தது. முதலாவது, குற்றச்சாட்டு வனையும் நாளிலேயே. பழைய தண்டனை உள்ளவருக்குக் கூடுதல் தண்டனை கேட்க இந்திய தண்டனைச் சட்டத்தின் 75ஆவது பிரிவு இருந்தது (இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 13). குற்றப்பத்திரிகையில் அதையும் சேர்த்திருந்தார்கள். சேர்ப்பது சரி. ஆனால் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 248(3), இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 271, தெளிவாகச் சொல்கிறது: முந்தைய தண்டனை பற்றிய குற்றச்சாட்டை வாசிக்கக் கூடாது, அதைப் பற்றி எதிரியிடம் கேட்கக் கூடாது, அரசுத் தரப்போ அதன் சாட்சிகளோ அதைக் குறிப்பிடவும் கூடாது. இப்போதைய வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பான பிறகே அது வெளியே வரலாம். இந்தப் பிரிவைக் காட்டியதும் நடுவர் அந்தப் பகுதியை வாசிக்காமல் விட்டார்.

இரண்டாவது, ஒப்புதல் வாக்குமூலம். போலீஸ் எழுதும் வாக்குமூலங்கள் பெரும்பாலும் ஒரு வாழ்க்கை வரலாறு போலத் தொடங்கும்: எங்கே பிறந்தேன், எந்த ஆண்டு எந்த வழக்கில் சிறைக்குப் போனேன், யாரோடு பழகினேன் என்று. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் சாட்சியமே அல்ல. பொருளைக் கண்டெடுக்க நேரடியாக வழிகாட்டிய வார்த்தைகள் மட்டுமே ஏற்கத்தக்க பகுதி. "வந்தால் எடுத்துத் தருகிறேன்" என்ற ஒன்றிரண்டு வரிதான் அது. முழு வாக்குமூலத்தையும் சான்றாவணமாகக் குறியீடு செய்ய முயன்றபோது ஆட்சேபித்து, ஏற்கத்தக்க பகுதியை மட்டும் குறிக்க வைத்தோம். அந்த ஆட்சேபணையை அன்றே, அந்த நிமிடமே சொல்ல வேண்டும்.

மூன்றாவது, விசாரணை அதிகாரியை அரசு வழக்கறிஞர் கூண்டில் செய்த முதல் விசாரணை. "எதிரி ஒரு பழங்குற்றவாளி..." என்று தொடங்கினார். எழுந்தேன், அந்த வார்த்தை பதிவாகவில்லை. பிறகு குறுக்கு விசாரணையில் அந்தப் பழைய கேள்வி என் நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வழக்கில் மிஞ்சியது சங்கிலி ஒன்றுதான். புகாரில் "சுமார் இரண்டரை பவுன் சங்கிலி" என்று மட்டும் இருந்தது. மாடல் இல்லை, அடையாளக் குறி இல்லை, கடை ரசீது இல்லை. காவல் நிலையத்தில் அந்த ஒரு சங்கிலியை மட்டும் காட்டினார்கள் என்றும், அது தங்கள் சங்கிலி மாதிரிதான் இருந்தது என்றும் வீட்டுக்காரரே ஒப்புக்கொண்டார். சங்கிலியைக் கைப்பற்றியதாக எழுதிய மகஜரில் கையெழுத்திட்ட கிராம நிர்வாக அலுவலர், நிலையத்தில் வைத்தே கையெழுத்துப் போட்டதாகச் சொன்னார். "பழைய திருடன்" என்ற வெளிச்சத்தில் பார்த்தால் இவையெல்லாம் சில்லறைக் குறைகளாகத் தெரியும். அது இல்லாமல் பார்த்தபோது வழக்கில் வேறு எதுவுமே இல்லை. விடுதலை ஆனார்.

விதிவிலக்குகள் உண்டு, நேர்மையாகச் சொல்ல வேண்டும். எதிரியின் மனநிலை பிரச்சினையானால் முந்தைய செயல் உள்ளே வரும். கள்ள நாணயம் கொடுத்தவர் "எனக்குத் தெரியாது" என்றால், முன்பு அதே குற்றத்தில் தண்டனை பெற்றது பொருத்தமான சாட்சியம் என்று சட்டமே உதாரணம் தருகிறது. மனநிலை பற்றிய அதே பிரிவில் இன்னொரு உதாரணம்: சுட்டுக் கொன்றதாக வழக்கு. எதிரி இதற்கு முன்பும் அதே ஆளைச் சுட்டிருக்கிறார் என்றால் பொருந்தும். பொதுவாகவே ஆட்களைச் சுடும் பழக்கம் உள்ளவர் என்றால் பொருந்தாது. கோடு எங்கே விழுகிறது என்பதை இந்த இரண்டு வாக்கியங்களைவிட நன்றாக யாராலும் சொல்ல முடியாது. வழக்கமாகக் குற்றம் புரிபவர் என்று நன்னடத்தைப் பிணை கேட்கும் நடவடிக்கையில் நடத்தையே விசாரணைப் பொருள், அங்கே இந்தத் தடை இல்லை.

வழக்கில் சிக்கியவர்களின் குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. முதல் சந்திப்பிலேயே பழைய வழக்குகள் அத்தனையையும் வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள். எதில் தண்டனை, எதில் விடுதலை, எது நிலுவை என்று பிரித்துச் சொல்லுங்கள். நிலுவையில் இருக்கும் வழக்கு எத்தனை இருந்தாலும் அது தண்டனை அல்ல. மறைத்தால், "இவர் மேல் இதுவரை ஒரு கேஸ்கூட இல்லை, தங்கமான மனுஷன்" என்று சொல்ல வழக்கறிஞர் பக்கத்து வீட்டுக்காரரைக் கூண்டில் ஏற்றிவிடக்கூடும். நல்ல நடத்தையைப் பேசிய அந்த நொடியில் பூட்டு திறந்துவிடும். பழைய தீர்ப்புகளின் சான்றிட்ட நகல்களோடு அரசு வழக்கறிஞர் எழுந்து நிற்பார். அப்போது ஆட்சேபிக்க எங்களிடம் எதுவும் இருக்காது.