தன்னார்வக் குழுவின் ஃபேஸ்புக் பக்கம்: முழுக் கட்டுப்பாடு எத்தனை பேரிடம் இருக்கலாம்?

ஃபேஸ்புக் பக்கம் கைவிட்டுப் போன பிறகு உதவி கேட்டு வரும் தன்னார்வக் குழுக்களிடம் நான் முதலில் கேட்பது, முழுக் கட்டுப்பாடு யார் யாரிடம் இருந்தது என்பதைத்தான். பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்று வருகிறது. குழுவில் இருந்த எல்லோரிடமும் இருந்தது என்பார்கள். அல்லது பக்கத்தைத் தொடங்கியவரிடம் மட்டும் என்பார்கள்.

முதல் வகைக்கு ஒரு இரத்ததானக் குழுவைச் சொல்கிறேன். புதிதாக யார் சேர்ந்தாலும் அவருக்கு முழுக் கட்டுப்பாட்டைக் கொடுப்பது அங்கே வழக்கம். அவசரத்துக்கு இரத்தம் கேட்டு வரும் செய்திகளுக்குப் பதில் சொல்ல ஒரு கல்லூரி மாணவி இருந்தார். "உங்கள் பக்கம் காப்புரிமையை மீறியிருக்கிறது, 24 மணி நேரத்தில் நீக்கப்படும்" என்று பக்கத்துக்கு ஒரு செய்தி வந்தது. பதறிப்போய் அதிலிருந்த இணைப்பைத் திறந்தார். ஃபேஸ்புக் போலவே தெரிந்த போலிப் பக்கத்தில் கடவுச்சொல்லையும் ஓடிபியையும் கொடுத்துவிட்டார். மோசடிக்காரர் அவருடைய கணக்கில் நுழைந்து, மற்ற நிர்வாகிகளை ஒவ்வொருவராகப் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டார்.

முழுக் கட்டுப்பாடு என்றால் என்னவென்று அன்றுவரை அந்தக் குழுவில் யாரும் யோசித்ததில்லை. அது இருப்பவர் புதியவர்களைச் சேர்க்கலாம், யாரையும் நீக்கலாம், பக்கத்தையே அழிக்கலாம். பக்கத்தைத் தொடங்கியவர் என்பதற்காக யாருக்கும் தனிப் பாதுகாப்பு கிடையாது. நேற்று சேர்ந்தவர் அவரையும் வெளியேற்ற முடியும். அந்த மாணவிக்குச் செய்திகளைக் கவனிக்கும் அனுமதி மட்டும் இருந்திருந்தால், நுழைந்தவர் பக்கத்தின் பெயரில் சில மோசமான செய்திகளை அனுப்பியிருக்க முடியும். அதுவும் தீங்குதான். ஆனால் தகவல் தெரிந்ததும் நிர்வாகி மாணவியின் அனுமதியை நீக்கியிருப்பார். பக்கம் குழுவிடமே இருந்திருக்கும்.

அனுமதிகளைப் பிரித்துக் கொடுக்கும் இடம் பக்கத்தின் அமைப்புகளில் Page access என்ற பெயரில் இருக்கிறது. அங்கே Facebook access பகுதியில் ஒருவரைச் சேர்க்கும்போது, முழுக் கட்டுப்பாடு கொடுப்பதற்கென்று தனியாக ஒரு பொத்தான் வரும். அதைத் தொடாமல் விடுங்கள். அங்கேயே Task access என்ற பகுதியில் உள்ளடக்கம், செய்திகள், கருத்துகளைக் கவனித்தல், விளம்பரம், புள்ளிவிவரம் ஆகியவற்றுக்குத் தனித்தனி அனுமதிகள் இருக்கும். இரத்தம் கேட்பவர்களுக்குப் பதில் சொல்பவருக்குச் செய்திகள் போதும். முகாம் படங்களைப் போடுபவருக்கு உள்ளடக்கம் வேண்டும். ஆனால் அந்த அனுமதி இருப்பவர் பழைய பதிவுகளை அழிக்கவும் முடியும் என்பதால், அதை வாரந்தோறும் பதிவு போடுபவருக்கு மட்டும் கொடுங்கள். விளம்பர அனுமதியில் பணமும் சம்பந்தப்பட்டிருக்கிறது. பொருளாளருக்குத் தெரியாமல் அதை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

இதைக் கேட்டதும் சில குழுக்கள் மறுகோடிக்குப் போய், முழுக் கட்டுப்பாட்டைத் தலைவர் ஒருவரிடம் மட்டும் வைத்துவிடுகின்றன. இரண்டாவது வகைச் சிக்கல் இங்கேதான் வருகிறது. அவர் தொலைபேசி எண்ணை மாற்றி, ஓடிபி பழைய எண்ணுக்குப் போகலாம். அவருடைய தனிக் கணக்கு முடக்கப்படலாம், அவர் இறந்தும் போகலாம். பக்கம் இணையத்தில் தெரிந்துகொண்டே இருக்கும். புதிய நிர்வாகியைச் சேர்க்கும் அதிகாரம் மட்டும் யாரிடமும் இருக்காது. மற்றவர்கள் பதிவு போடலாம், பதில் சொல்லலாம், அவ்வளவுதான். ஆகவே முழுக் கட்டுப்பாடு இரண்டு பேரிடம் இருக்கட்டும். பெரிய குழுவானால் மூன்று. இருவரும் ஒரே வீட்டினராகவோ, ஒரே தொலைபேசியை நம்பியிருப்பவர்களாகவோ இல்லாதிருப்பது நல்லது. இருவருடைய தனிக் கணக்கிலும் இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம் இருக்க வேண்டும். ஓடிபி வராதபோது உள்ளே நுழைய உதவும் மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி வைத்திருக்க வேண்டும்.

குழுவின் பெயரில் ஒரு தனிக் கணக்கைத் திறந்து, அதன் கடவுச்சொல்லை வாட்ஸ்அப்பில் பகிர்ந்துகொள்வதையும் பல இடங்களில் பார்க்கிறேன். தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். தனிக் கணக்கு உண்மையான ஒரு மனிதருடையதாக இருக்க வேண்டும் என்பது ஃபேஸ்புக்கின் விதி. பல ஊர்களிலிருந்து பல கருவிகளில் ஒரே கணக்கு திறக்கப்படும்போது அது சந்தேகத்துக்கு உள்ளாகிறது. அடையாள அட்டை கேட்டால், குழுவின் பெயரில் காட்டுவதற்கு எந்த அட்டையும் இருக்காது. யார் எதை அழித்தார் என்பதையும் கண்டுபிடிக்க வழியில்லை.

பொறுப்பு மாறும்போது வரிசை முக்கியம். முதலில் புதிய நிர்வாகியைச் சேருங்கள். அழைப்பு அனுப்பியதோடு வேலை முடிந்ததாக எண்ண வேண்டாம். அவர் அதை ஏற்று, தன் தொலைபேசியில் Page access பட்டியலைத் திறந்து காட்ட வேண்டும். அதன் பிறகே பழையவரை நீக்க வேண்டும். பக்கம் மெட்டாவின் வணிகக் கணக்கு ஒன்றோடு இணைக்கப்பட்டிருந்தால், அங்கே யாருக்கு முழு அதிகாரம் இருக்கிறது என்பதையும் அதே நாளில் பாருங்கள். முன்பு விளம்பரம் செய்து கொடுத்த யாரோ ஒருவரின் கணக்கு அங்கே இன்னும் இருக்கக்கூடும்.